மாசம் பிறந்தாலே அமெரிக்கக் கார்டுகள் ஃபெயில்: தினம் ஒரு ரீட்ரை போட்டால் என்ன தப்பு?

வகுப்புமணி | 2025 ஏப்ரல் 3, காலை 9:40

கோயம்புத்தூரில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மென்பொருள் எங்களுடையது. வீட்டிலேயே பாட்டு, வீணை, நாட்டிய வகுப்பு எடுப்பவர்களுக்கு வருகைப் பதிவும் ஃபீஸ் கணக்கும் பார்த்துக் கொடுக்கும். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில். மாதம் 29 டாலர், கார்டில் தானாகப் பிடிப்போம். வசூல் ஸ்ட்ரைப் என்ற ஆன்லைன் கட்டண சேவை வழியாக.

இந்த மாதம் போன 412 இன்வாய்ஸில் 37 ஃபெயில். அதில் 19-க்கு `insufficient_funds` என்று வருகிறது. ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இதே கதை. இப்போது ரீட்ரை அமைப்பு முதல் ஃபெயிலுக்குப் பிறகு 3 நாள், 5 நாள், 7 நாள் இடைவெளி விட்டுப் போகிறது. இதைத் தூக்கிவிட்டு தினம் ஒன்றாகப் பத்து நாள் போடலாம் என்று பார்ட்னர் சொல்கிறார். செய்யலாமா?

பழனிவேல்_ஹோஸ்டிங் | ஏப்ரல் 3, காலை 10:15

தாராளமாகப் போடுங்கள். நான் ஹோஸ்டிங் வியாபாரத்தில் வருஷக்கணக்காக இதைத்தான் செய்கிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எப்போது காசு வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்? வலையை விரித்துக்கொண்டே இருக்க வேண்டும், மீன் ஒருநாள் விழும். ரீட்ரைக்குக் காசா கேட்கிறார்கள்?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 3, மதியம் 1:05

கேட்கிறார்கள், பழனிவேல். ஒரே கார்டில் ஒரே தொகையை 30 நாளுக்குள் 15 முறைக்கு மேல் முயன்றால் விசா கட்டணம் போடும். 2021-ல் வந்த விதி. காலை ஒன்று மாலை ஒன்று என்றால் எட்டாம் நாளே தாண்டிவிடுவீர்கள். கட்டணம் கூட சில்லறைதான். பெரிய நஷ்டம் வேறு: கார்டு கொடுத்த வங்கி, இந்தக் கடை ஓயாமல் கதவைத் தட்டுகிறது என்று பார்க்கும். அப்புறம் உங்கள் நல்ல பரிவர்த்தனைகளையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் பழனிவேல் சொல்வது சரி. நேரத்தை மாற்றிப் பார்ப்பதற்குப் பலன் உண்டு.

மணி, இரண்டு கேள்வி. அந்த 19 பேரில் எத்தனை பேர் டெபிட் கார்டு? இன்வாய்ஸ் சரியாக எந்த மணிக்குப் போகிறது? "ஒன்றாம் தேதி" என்று சொல்லாதீர்கள், மணியும் நேர மண்டலமும் வேண்டும்.

ஜிம்_மதுரை | ஏப்ரல் 3, மதியம் 2:30

எனக்கும் இதே பிரச்சினை. மதுரையில் ஜிம் வைத்திருக்கிறேன். மெம்பர்களிடம் கார்டில் மாதம் 1,500 ஆட்டோ டெபிட். ஃபெயில் ஆனால் உடனே மறுபடி அடிக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு நாளைக்கு மேல் `processing` என்றே நிற்கிறது. கேட்வேக்கு போன் போட்டால் எடுப்பதில்லை. இதற்கு வழி சொல்லுங்கள்.

வகுப்புமணி | ஏப்ரல் 3, மாலை 6:20

பார்த்தேன். 19-ல் 16 டெபிட் கார்டு. நேரம்: ஏப்ரல் 1, 00:00, இந்திய நேரம். போன வருஷம் பழைய பில்லிங்கிலிருந்து ஸ்ட்ரைப்புக்கு எல்லாரையும் மொத்தமாக மாற்றினோம், அப்போது எழுதிய ஸ்கிரிப்ட் அப்படி வைத்திருக்கிறது. நள்ளிரவில் சர்வர் சும்மாதானே இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. அதில் என்ன?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 3, இரவு 8:10

அதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தியாவில் ஏப்ரல் 1 நள்ளிரவு பன்னிரண்டு என்றால் நியூயார்க்கில் மார்ச் 31, மதியம் 2:30. டெக்ஸாஸில் 1:30. நீங்கள் ஒன்றாம் தேதி பிடிப்பதாக நினைத்துக்கொண்டு முந்தின மாதத்தின் கடைசி நாள் மதியம் பிடிக்கிறீர்கள். ஒரு வீட்டு பாட்டு டீச்சரின் கணக்கில் மாதத்திலேயே மிகக் குறைவாகப் பணம் இருக்கும் நேரம் அது. அவருக்கு வருமானம் மாணவர்களின் ஃபீஸ். அது மாதம் பிறந்து முதல் வகுப்பில்தான் வரும். முதல் வகுப்பு அநேகமாக சனி, ஞாயிறு.

இந்த மாதத்தையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 திங்கள். முதல் வார இறுதி ஏப்ரல் 5, 6. தினம் ஒரு ரீட்ரை போட்டால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நான்கு முயற்சி வெறும் கணக்கில் போய் முட்டும். ஒவ்வொன்றுக்கும் டீச்சருக்கு வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் போகலாம், உங்களிடமிருந்து ஒரு மெயில் போகும். ஐந்தாவதுக்குள் அவர் வெறுத்துப்போய் கேன்சல் பட்டனைத் தேடுவார்.

சம்பளக்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே நிறைய இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சம்பளம். உங்கள் ஆட்கள் அப்படி இல்லை.

வகுப்புமணி | ஏப்ரல் 3, இரவு 8:35

ஐயோ. அப்படியானால் ரீட்ரை கேள்வியே இரண்டாம்பட்சமா?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 3, இரவு 8:50

ரீட்ரை வேண்டும். ஆனால் முதல் முயற்சியைச் சரியான இடத்தில் வைத்தால் ரீட்ரைக்கு வேலை குறையும்.

மதுரை தம்பிக்கு: உங்களுடையது இதே பிரச்சினை இல்லை, பார்த்தால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தியக் கார்டில் தானாகப் பணம் பிடிப்பது ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிப்படி நடக்கிறது. பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும், அவர் அந்த ஒரு பிடித்தத்தை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அந்த அறிவிப்பு போய், அந்த நேரம் கழிவதற்காகத்தான் அது `processing` என்று நிற்கிறது. கெட்டுப்போய் நிற்கவில்லை. அதற்குள் இன்னொரு தடவை அழுத்தாதீர்கள். "இன்று சம்பளம் வந்திருக்கும், இப்போதே அடி" என்ற வித்தை உங்களுக்குச் செல்லாது. மறுபடி எந்த நாளில் போக வேண்டுமோ அதற்கு முந்தின நாளே தொடங்குங்கள்.

ஜிம்_மதுரை | ஏப்ரல் 3, இரவு 9:30

அப்போது ஐந்தாம் தேதி வேண்டுமென்றால் நான்காம் தேதி காலையிலேயே. சரி. வருஷ பேக்கேஜ் 18,000-க்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கிறதே, அதுவும் இதனால்தானா?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 3, இரவு 9:41

ஆமாம். 15,000 வரைதான் ஓடிபி இல்லாமல் தானாகப் போகும். அதற்கு மேல் அவர் வந்து ஓடிபி போட்டால்தான். காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி சிலவற்றுக்கு ஒரு லட்சம் வரை தளர்வு உண்டு. ஜிம் அதில் வராது.

பழனிவேல்_ஹோஸ்டிங் | ஏப்ரல் 4, காலை 7:20

உடம்பைக் காப்பாற்றுவதும் காப்பீடுதான் என்று மனு போடலாம்.

அது போகட்டும். மணி சாருக்கு மீதி 18 பேர் என்ன ஆனார்கள்? எல்லாரும் 19 பேரைப் பற்றியே பேசுகிறோம்.

வகுப்புமணி | ஏப்ரல் 4, காலை 10:00

மீதி: `generic_decline`, `do_not_honor` சேர்த்து 9. `expired_card` 5. `authentication_required` 2, இருவரும் ஜெர்மனி. `lost_card` ஒன்று. `revocation_of_authorization` ஒன்று.

எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே மெயில்தான் போகிறது: "Your payment has failed. Your account will be suspended." கூடவே கார்டு மாற்றுவதற்கான லிங்க்.

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 4, மதியம் 12:45

இந்த ஐந்து வகையும் ஐந்து வேறு ஆட்கள். ஒரே மெயில் போகக் கூடாது.

முதலில் அந்த revocation ஆளைக் கவனியுங்கள். அவர் தன் வங்கியில் போய் "இந்தக் கடை இனி என் கார்டில் பிடிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார் என்று பொருள். அங்கே ரீட்ரை போடுவது வீட்டுக்கு வராதே என்றவர் வீட்டுக்கு மறுநாளும் போய் நிற்பது. நிறுத்துங்கள். அநேகமாக அவர் உங்கள் கேன்சல் பட்டனைக் கண்டுபிடிக்க முடியாமல் வங்கிக்குப் போயிருப்பார். மரியாதையாக ஒரு மெயில், சந்தாவை முடித்துவைக்கட்டுமா என்று கேட்டு. அவ்வளவுதான்.

`lost_card`: அந்த எண் செத்துவிட்டது. புது கார்டு வராமல் எத்தனை முறை முயன்றாலும் வராது, ஸ்ட்ரைப்பும் இதைத் தானாக மறுபடி முயலாது. மெயிலில் "உங்கள் கார்டு தொலைந்ததாகப் பதிவாகியிருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். திருட்டுக் கார்டை வைத்திருப்பவருக்கே நீங்கள் துப்பு கொடுத்தது மாதிரி ஆகும். "இந்தக் கார்டில் பிடிக்க முடியவில்லை, வேறு கார்டு தாருங்கள்" போதும்.

ஜெர்மனிக்காரர்கள் இருவரிடமும் பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி வங்கி அவர்கள் கையால் ஒருமுறை உறுதி செய்யச் சொல்கிறது. நீங்கள் இங்கிருந்து ரீட்ரை போட்டால் அதே பதில்தான் வரும். இன்வாய்ஸ் பக்கத்தின் லிங்கை அனுப்புங்கள், அவர்கள் போனில் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. "ஃபெயில்" என்ற சொல்லே அந்த மெயிலில் வேண்டாம்.

`expired_card` ஐந்தில் எல்லாருக்கும் உடனே மெயில் போட அவசரப்பட வேண்டாம். விசாவும் மாஸ்டர்கார்டும் புதுப்பித்த கார்டு விவரத்தைக் கடைக்காரருக்குக் கொடுக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன, அமெரிக்க வங்கிகள் பலவும் அதில் இருக்கின்றன. `payment_method.automatically_updated` என்று ஒரு நிகழ்வு வந்தால் கார்டு தானாக மாறிவிட்டது, ரீட்ரை ஓடிவிடும். ஓரிரு நாள் பார்த்துவிட்டு எழுதலாம்.

அந்த 9 பேர்தான் புதிர். வங்கி காரணம் சொல்ல மறுக்கிறது. அங்கே ஸ்ட்ரைப்பின் `advice_code` வந்திருக்கிறதா பாருங்கள். `do_not_try_again` என்றால் கையை எடுத்துவிடுங்கள். `try_again_later` என்றால் ரீட்ரைக்குத் தகுதி. ஒன்றும் இல்லாவிட்டால் நானாக இருந்தால் இரண்டு ரீட்ரை, அதற்குள் ஒரு மெயில்: வங்கியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அல்லது வேறு கார்டு போடுங்கள் என்று.

பழனிவேல்_ஹோஸ்டிங் | ஏப்ரல் 4, மதியம் 1:10

நான் இந்தக் கோடுகளைத் திறந்து பார்த்ததே இல்லை. ஃபெயில் என்றால் ஃபெயில். சரி, ஸ்ட்ரைப்பிலேயே ஸ்மார்ட் ரீட்ரை என்று ஒன்று இருக்கிறதே, இரண்டு வாரத்துக்குள் எட்டு முயற்சி என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டுத் தூங்கலாமே? எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 4, மாலை 4:25

போடலாம். மணிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். நேரத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். நாமே வரையறுக்கும் அட்டவணையில் மூன்று ரீட்ரைதான் வைக்க முடியும், அதுவும் நாள் கணக்கில். ஆனால் ரீட்ரை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓடினாலும் உங்கள் மெயில் அதற்குத் தெரியாது. ஸ்ட்ரைப் ஒவ்வொரு ஃபெயிலுக்கும் உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் தகவலில் எட்டு முயற்சிக்கு எட்டு மெயில் போகும்படி கட்டிவைத்திருந்தால் தூக்கம் உங்களுக்கு வரும், வாடிக்கையாளருக்கு வராது.

வீணை_டல்லாஸ் | ஏப்ரல் 5, காலை 6:15

நான் மென்பொருள் ஆள் இல்லை. டல்லாஸில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன், மணி தம்பியின் மென்பொருள் இல்லை, வேறொன்று. தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கும் இப்படி மெயில் வரும். போன வருஷம் ஒன்று வந்தது, தலைப்பு பெரிய எழுத்தில் "ACTION REQUIRED", உள்ளே என் பெயர் இல்லை, எந்தக் கார்டு என்று இல்லை, எவ்வளவு என்று இல்லை. ஒரு பெரிய சிவப்பு பட்டன் மட்டும். மோசடி மெயில் என்று அழித்துவிட்டேன். அது உண்மையான மெயில். இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை காலை, வாசலில் ஆறு குழந்தைகள், உள்ளே போனால் கணக்கு பூட்டியிருக்கிறது. யார் ஃபீஸ் கொடுத்தார்கள், யார் பாக்கி, ஒன்றும் தெரியவில்லை. ஃபீஸ் வந்தால்தானே நான் உங்களுக்குக் கட்டுவேன்? வாங்கவிடாமல் பூட்டிவிட்டுக் கட்டு என்றால்?

இன்னொன்று. எனக்கு வரும் மெயில்களை என் மாமியாரும் பார்ப்பார், வகுப்பு நேரம் அவர்தான் பதில் போடுவார். "insufficient funds" என்று எழுதி அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் இல்லை என்பது என் வீட்டு விஷயம்.

வகுப்புமணி | ஏப்ரல் 5, காலை 9:05

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே பார்ட்னருக்கு அனுப்பினேன். பதினான்காம் நாள் பூட்டுவதுதான் இப்போது எங்கள் அமைப்பும். அதை மாற்றப் போகிறோம்: சந்தா பாக்கியாகி `past_due` ஆனால் ஃபீஸ் பதிவும் பாக்கிப் பட்டியலும் எப்போதும் போல ஓடும், புது மாணவரைச் சேர்ப்பது மட்டும் நிற்கும்.

மெயிலும் மாற்றி எழுதினேன். ஆங்கிலத்தில் போகும், இங்கே தமிழில்:

"வணக்கம். ஏப்ரல் மாதச் சந்தா 29 டாலரை, 4417 என்று முடியும் உங்கள் விசா கார்டில் இன்று எடுக்க முடியவில்லை. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஏப்ரல் 7 திங்கள் காலை மறுபடி முயல்வோம். வேறு கார்டு தர விரும்பினால், எங்கள் தளத்தில் உள்நுழைந்து 'பில்லிங்' பக்கத்தில் மாற்றலாம். கார்டு எண்ணை மெயிலில் அனுப்ப வேண்டாம். உங்கள் வகுப்புக் கணக்கு வழக்கம் போல இயங்கும். கேள்வி இருந்தால் இதற்கே பதில் போடுங்கள்."

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 5, காலை 11:30

நன்றாக இருக்கிறது. "மறுபடி முயல்வோம்" என்ற தேதியைக் கையால் எழுதாதீர்கள், இன்வாய்ஸில் இருந்து எடுங்கள்:

```
if invoice.next_payment_attempt:
    send("soft_notice", date=invoice.next_payment_attempt)
else:
    send("need_new_card")
```

அது காலியாக இருந்தால் இனி முயற்சி இல்லை என்று பொருள். அப்போது "நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று போய்விட்டால் அவர் சும்மாவே இருப்பார், சந்தா செத்துப்போகும். ஒரு பொறி: ஸ்ட்ரைப்பில் ஆட்டோமேஷன் வழியாக ரீட்ரை வைத்திருந்தால் `invoice.payment_failed` நிகழ்வில் இந்தத் தேதி வராது, `invoice.updated` வரும்வரை பார்த்துதான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் எல்லாருக்கும் இரண்டாவது மெயில் போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மெயில் எண்ணிக்கை: முதல் ஃபெயிலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி முயற்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒன்று. கடைசியில் மட்டும் எந்தத் தேதியில் என்ன நிற்கும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மரியாதை என்பதற்காக அதையும் மழுப்பினால் வீணை அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

வகுப்புமணி | ஏப்ரல் 8, காலை 10:20

நிலவரம். 19-ல் 11 வந்துவிட்டது. அதில் 7, ஏப்ரல் 7 திங்கள் டெக்ஸாஸ் நேரம் காலை 10 மணிக்கு நானே இன்வாய்ஸைத் திறந்து கையால் ஓடவிட்டது. ஒரு டீச்சரின் வரிசையைப் பார்த்தேன்: மார்ச் 31 ஃபெயில், ஏப்ரல் 3 ஃபெயில், 7-ஆம் தேதி பாஸ். சனிக்கிழமை வகுப்பில் பெற்றோர் ஸெல் என்ற அமெரிக்க வங்கிப் பணப் பரிமாற்றத்தில் ஃபீஸ் போட்டிருப்பார்கள், அது சில நிமிஷத்தில் ஏறிவிடுமே. அக்கா சொன்ன கணக்கு அப்படியே.

ஜெர்மனி இருவரும் லிங்க் போன அன்றே கட்டிவிட்டார்கள். revocation ஆள் "நன்றி, முடித்துவிடுங்கள், பட்டன் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி.

இனி எல்லாரையும் மாதம் 5-ஆம் தேதிக்கு, அவர்கள் ஊர்க் காலைக்கு நகர்த்த வேண்டும். பில்லிங் நாளைத் தீர்மானிக்கும் `billing_cycle_anchor`-ஐ நினைத்த தேதிக்கு மாற்ற விடமாட்டேன் என்கிறதே?

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 8, மதியம் 12:10

ஓடுகிற சந்தாவில் அதை "இப்போதே" என்றுதான் மாற்ற முடியும். வேறு தேதிக்கு நகர்த்த எல்லாரும் செய்யும் குறுக்கு வழி:

```
trial_end = 1746457200
proration_behavior = "none"
```

அந்த எண் மே 5, திங்கள், டெக்ஸாஸ் காலை 10 மணி. நியூயார்க்குக்கு 11, கலிஃபோர்னியாவுக்கு 8. நான்கு நாள் இலவசமாகக் கொடுத்ததாகிறது, அது உங்கள் செலவு. ஆனால் சந்தா நிலை `trialing` என்று மாறும், 0 டாலருக்கு ஒரு இன்வாய்ஸும் உருவாகும். அதற்கு ரசீது மெயில் போகாமல் முதலில் நிறுத்திவையுங்கள்.

வகுப்புமணி | ஏப்ரல் 9, காலை 8:00

முதலில் பத்துப் பேரிடம் சோதித்தேன். ரசீதை நிறுத்தியிருந்தேன், ஆனால் எங்கள் ஆப்பே `trialing` பார்த்து "இலவச சோதனைக் காலம் தொடங்கியது, வாழ்த்துகள்!" என்று மேலே பட்டை போட்டுவிட்டது. மூன்று வருஷ வாடிக்கையாளர் ஒருவர், "என்னை மறுபடி புதுசாக ஆக்கிவிட்டீர்களா?" என்று கேட்கிறார். பட்டையை எடுத்துவிட்டு மீதி பேரை நகர்த்துகிறேன்.

பழனிவேல்_ஹோஸ்டிங் | ஏப்ரல் 9, காலை 8:25

வாழ்த்துகள்!

நானும் நேற்று என் ஃபெயில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதமாக ஒரு `lost_card`-ஐத் தினம் இரண்டு வேளை தட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஸ்கிரிப்ட் வேறு கேட்வேயில் சொந்தமாக எழுதியது, தடுக்க ஆளில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், பணம் இல்லை என்று வந்தவற்றில் என் தட்டல் பல தடவை வேலை செய்திருக்கிறது. அதை நீங்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீட்டுக்கணக்கு | ஏப்ரல் 9, காலை 9:50

ஒத்துக்கொள்கிறேன். பத்து தடவை தட்டி வந்ததில், சரியான நேரத்தில் இரண்டு தடவை தட்டியிருந்தாலும் எவ்வளவு வந்திருக்கும் என்று மட்டும் உங்கள் பதிவிலிருந்து எடுத்துப் பாருங்கள். எந்த முயற்சி எண்ணில் பாஸ் ஆனது என்று இருக்கும்.

வகுப்புமணி | மே 7, இரவு 9:15

மே 5 காலை பில்லிங் போனது. 409 இன்வாய்ஸ், 21 ஃபெயில், `insufficient_funds` 6. ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. பலருக்கு இது முதல் வாரக் காசு, ஜூனில் பள்ளி விடுமுறை வந்து வகுப்புகள் குறையும்போது எப்படி என்று பார்க்க வேண்டும். முன்பு 3, 5, 7 நாளில் போனதை ஸ்மார்ட் ரீட்ரை, இரண்டு வாரம் என்று மாற்றியாயிற்று.

இப்போது பார்ட்னருக்கும் எனக்கும் சண்டை வேறு இடத்தில். ஏப்ரலில் கடைசி வரை வராத 8 இன்வாய்ஸ். இரண்டு வாரம் முடிந்து சந்தாவை நிறுத்திவிட்டோம். அந்த 29 டாலர் கடனாகவே நிற்கட்டும், திரும்பி வந்தால் வசூலிக்கலாம் என்கிறார் அவர். அழித்துவிடலாம் என்கிறேன் நான், அதில் ஐந்து பேர் அந்த இரண்டு வாரமும் உள்ளேயே வரவில்லை.

வீணை_டல்லாஸ் | மே 8, காலை 6:40

அழித்துவிடுங்கள் தம்பி. பழைய பாக்கி இருக்கிறது என்றால் திரும்பி வர நினைப்பவரும் வரமாட்டார்.

பழனிவேல்_ஹோஸ்டிங் | மே 8, காலை 9:00

உள்ளே வந்து பயன்படுத்திய மூன்று பேருக்குமா? நான் விடமாட்டேன்.

சீட்டுக்கணக்கு | மே 8, மதியம் 1:20

ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். `void` என்று போட்டால் அந்த இன்வாய்ஸே ரத்து என்று பொருள். `uncollectible` என்றால் விற்றது உண்மை, வசூல் ஆகவில்லை. வருமானக் கணக்கில் இரண்டும் ஒன்றில்லை. பயன்படுத்திய மூன்று பேரையும் பயன்படுத்தாத ஐந்து பேரையும் பிரித்துக் கேளுங்கள்.